பில்டர் கழுவியும் சிம்னியில் எண்ணெய் சொட்டுது, பர்னரில் விழுந்து தீ எழும்புது

தக்கலைக்காரி · ஞாயிறு, மாலை 6:10

எங்க அடுக்களையில் 60 செ.மீ. சிம்னி, ஸ்டீல் பேஃபிள் பில்டர் இரண்டு. வாங்கி நாலு வருஷம். சமையல் முழுக்கத் தேங்காய் எண்ணெய். வாரத்துக்கு நாலு நாள் மீன் பொரிப்பு உண்டு, மாசம் ஒருதடவை ஏத்தங்காய் சிப்ஸ். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பில்டரைக் கழற்றிச் சுடுதண்ணியில் கழுவுறேன், பளபளன்னுதான் இருக்கு. ஆனாலும் சமைக்க ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரம் ஆனதும் எண்ணெய் சொட்டுது. இன்னைக்கு ஒரு சொட்டு பெரிய பர்னரில் விழுந்து, தீ குப்புன்னு சீனச்சட்டி விளிம்பு வரைக்கும் ஏறி அணைஞ்சுது. பில்டர் சுத்தமா இருக்கும்போது எண்ணெய் எங்க இருந்து வருது? பில்டரை மாத்தணுமா?

---

குழித்துறை_மேலத்தெரு · ஞாயிறு, மாலை 6:41

சுடுதண்ணியில் கழுவினா மேல்பிசுக்குதான் போகும். காஸ்டிக் சோடா ரெண்டு கைப்பிடி போட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்க. பில்டர் புதுசு மாதிரி ஆயிடும். அதிலேயும் போகாத கறைக்கு மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சா போதும். சொட்டு நின்னுடும்.

---

கொட்டாரத்துக்காரர் · ஞாயிறு, மாலை 7:05

புகைக்கூடுன்னா வருஷம் ஒருதடவை, மழைக்கு முன்னாடி, நீளக் கம்பில் தேங்காய் நார் கட்டி மேல இருந்து கீழ இழுத்துக் கரியை உதிர்க்கணும். சிரட்டையும் கதம்பையும் எரிக்கிற அடுப்பில் கரி சீக்கிரம் ஏறும். உதிர்க்காம விட்டா அந்தக் கரியே கூட்டுக்குள்ள கனிய ஆரம்பிக்கும்.

---

தக்கலைக்காரி · ஞாயிறு, மாலை 7:12

அண்ணாச்சி, இது விறகடுப்புப் புகைக்கூடு இல்லை. கேஸ் அடுப்புக்கு மேல சுவரில் மாட்டுற மின்சார சிம்னி.

---

மார்த்தாண்டம் சர்வீஸ் · ஞாயிறு, இரவு 8:30

அக்கா, பில்டரை மாத்தாதீங்க. கழுவின பில்டரில் இருந்து சொட்டுற எண்ணெய் பெரும்பாலும் பில்டரோட எண்ணெய் இல்லை, அதுக்குப் பின்னால் தேங்கினது. இரண்டு விஷயம் பாத்துச் சொல்லுங்க, அதுக்குப் பிறகு மிச்சத்தைச் சொல்றேன்.

முதல் விஷயம், பில்டரை எப்படி மாட்டியிருக்கீங்கன்னு பாருங்க. பேஃபிள் பில்டர் சல்லடை மாதிரி எண்ணெயைப் பிடிக்கிறது இல்லை. காற்று தகடுகளுக்கு நடுவுல வளைஞ்சு திரும்பிப் போகும்போது எண்ணெய்த்துளி மட்டும் திரும்ப முடியாம தகட்டில் மோதி ஒட்டும். ஒட்டின எண்ணெய் தகடு வழியா வழிஞ்சு, சட்டத்தோட கீழ்விளிம்புல இருக்கிற சின்ன ஓட்டைகள் வழியா எண்ணெய்க் கிண்ணத்துக்கோ வரிப்பள்ளத்துக்கோ போகணும். அந்த ஓட்டைகள் ஒரு பக்கம்தான் இருக்கும். கழுவிட்டு மாட்டும்போது தலைகீழாகிட்டா ஓட்டை மேலே போயிடும், கீழே சட்டத்துக்குள்ள எண்ணெய் குளம் கட்டும். கைப்பிடி வெளியே தெரியுதேன்னு மட்டும் பாத்து மாட்டுறவங்கதான் அதிகம்.

இரண்டாவது, பில்டரைக் கழற்றிட்டு உள்ளே ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரை வச்சு மூணு இடத்தில் ஒத்தி எடுங்க. ப்ளோயரைச் சுத்தி இருக்கிற டப்பாவோட அடிப்பாகம் ஒண்ணு, ப்ளோயர் சக்கரத்தோட இறக்கை ஒண்ணு, மேலே பைப் சேருற வளையத்தோட உள்பக்கம் ஒண்ணு. பேப்பர் மஞ்சளா கறைபட்டா பழைய படிவு. பேப்பர் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிஞ்சா அங்கே எண்ணெய் இளகி நிக்குதுன்னு அர்த்தம்.

இதெல்லாம் பாக்கிறதுக்கு முன்னால் ப்ளக்கைப் பிடுங்கணும். ப்ளக் மறைவுல இருந்தா எம்.சி.பி.யை இறக்கணும். சிம்னியோட பட்டன் மட்டும் அணைச்சா போதாது. ரப்பர் கையுறையும் போடுங்க, உள் தகட்டு விளிம்பு பிளேடு மாதிரி கிழிக்கும்.

குழித்துறை அண்ணன் சொன்ன காஸ்டிக் சோடா பத்தியும் பேசணும். உங்க பில்டர் ஸ்டீல்னு சொன்னதால் அதுக்குப் பெரிய கேடு இல்லை. ஆனா இதைப் படிச்சுட்டு அலுமினிய மெஷ் பில்டர் வச்சிருக்கிறவங்க போட்டா ஒரு ராத்திரியில் கம்பியே கரைஞ்சுடும். மண்ணெண்ணெய் எந்த பில்டருக்கும் வேண்டாம். மடிப்புக்குள்ள நின்ன மண்ணெண்ணெய் துடைச்சாலும் முழுசா வராது, அடுத்தநாள் அதுக்கு அடியிலதான் அடுப்பு பத்தவைக்கிறீங்க.

---

குழித்துறை_மேலத்தெரு · ஞாயிறு, இரவு 8:52

அலுமினியம்னு எப்படிக் கண்டுபிடிக்க? காந்தம் ஒட்டலைன்னா அலுமினியம், சரிதானே?

---

வேதியியல் டீச்சர் · ஞாயிறு, இரவு 9:20

அது பாதிதான் சரி. காந்தம் ஒட்டினா இரும்புச் சேர்க்கை உள்ள ஸ்டீல்னு நிச்சயமாச் சொல்லலாம். ஆனா 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது, ஒட்டினாலும் ரொம்ப லேசாத்தான். எடையைப் பாருங்க. அலுமினியம் அதே அளவு ஸ்டீலில் மூணில் ஒரு பங்குதான் கனக்கும். கம்பி வலையா, கையில் அழுத்தினா நெளியுற மாதிரி, பல அடுக்கா இருந்தா அது அனேகமா அலுமினிய மெஷ். நெளியாத கனத்த மடிப்புத் தகடா இருந்தா ஸ்டீல் பேஃபிள்.

காஸ்டிக் சோடா அலுமினியத்தோட சேரும்போது ஹைட்ரஜன் வாயு வெளியே வரும், தண்ணி தானா சூடாகி நுரைக்கும். மூடின குளியலறையில் இதைச் செய்யவே கூடாது. வாஷிங் சோடாவும் அலுமினியத்தைக் கறுக்கவைக்கும். ஆப்ப சோடா மென்மையானதுன்னு நினைச்சு அதைப் போட்டுக் கொதிக்கவிடுறாங்க, கொதிக்கும்போது ஆப்ப சோடாவே வாஷிங் சோடாவா மாறிடும். அதனால அலுமினிய மெஷுக்குப் பாத்திரம் கழுவுற திரவமும் கை பொறுக்கிற சூட்டுத் தண்ணியும் மட்டும், இருபது நிமிஷம் போதும்.

தக்கலை அக்கா, உங்க கேள்வியில் ஒரு வரி என்னைப் பிடிச்சு நிறுத்திச்சு. "சமைக்க ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரம் ஆனதும்" சொட்டுதுன்னு சொல்றீங்க. அது தேங்காய் எண்ணெயோட குணம். சூரியகாந்தி எண்ணெய் சூட்டிலும் காற்றிலும் பட்டு ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு, வார்னிஷ் அடிச்ச மாதிரி பழுப்பா இறுகிடும். தேங்காய் எண்ணெய் அப்படிப் பின்னாது, அதுக்கான இரட்டைப் பிணைப்புகள் அதில் ரொம்பக் குறைவு. அயோடின் எண்ணைப் பாத்தா தெரியும், தேங்காய் எண்ணெய்க்கு 10 வாக்கில், சூரியகாந்திக்கு நூறைத் தாண்டும். அதனால நம்ம ஊர் சிம்னிக்குள்ள படியுறது அவ்வளவா காயாது. 24 டிகிரிக்குக் கீழே நெய் மாதிரி உறையும், அடுப்புச் சூடு ஏறினதும் மறுபடி எண்ணெயாகி ஓடும். வெளியூர்க்காரங்க எழுதுற குறிப்புகள் சுரண்டி எடுக்கிற வேலையையே பேசுது. நமக்கு அதைவிட ஓடிவர்ற எண்ணெயைப் பத்தின கவலைதான் பெருசு.

---

தக்கலைக்காரி · திங்கள், காலை 7:45

பாத்துட்டேன். ஒரு பில்டரில் ஓட்டை மேல் பக்கம்தான் இருந்துது. மற்றது சரியா இருக்கு. டிஷ்யூ மூணு இடத்திலும் ஒத்தினேன். டப்பா அடியில் ஒத்தின பேப்பர் முழுக்க ஊடுருவித் தெரியுது, விரலில் வெண்ணெய் மாதிரி வருது. ப்ளோயர் இறக்கையில் மஞ்சப் பிசுக்கோட தூசும் ஒட்டியிருக்கு. மேல் வளையத்தில் ஒத்தினப்போ எண்ணெய் கையில் வழிஞ்சுது. அங்க இருந்து சுவர் வரைக்கும் வெள்ளி நிறச் சுருள் பைப், நடுவில் கொஞ்சம் தொங்குது. சுவரைத் தாண்டி வெளியே பி.வி.சி.

---

மார்த்தாண்டம் சர்வீஸ் · திங்கள், காலை 9:15

அப்போ எண்ணெய் வர்ற வழி தெரிஞ்சுபோச்சு. தொங்குற அந்தச் சுருள் பைப்தான் தொட்டி. சூடான காற்றோட போற எண்ணெய்ப்புகை பைப்பில் குளிர்ந்து உள்சுவரில் படியும். பைப் நேரா இருந்து வெளிப்பக்கம் லேசா சாஞ்சிருந்தா அது வெளியே வழிஞ்சுடும். சுருளோட மடிப்பும் தொய்வும் சேர்ந்தா உள்ளேயே நிக்கும். ஓரளவு நிறைஞ்சதும் வளையம் வழியாத் திரும்பி ப்ளோயர் டப்பாவுக்கு வந்து, அங்க இருந்து பில்டர் சட்டத்துக்கு இறங்கி, ஓட்டை தலைகீழா இருக்கிற பில்டரில் நின்னு, நிறைஞ்சதும் பர்னரில் விழுது. பில்டரை நீங்க எத்தனை தடவை கழுவினாலும் இது நிக்காது.

தீ விஷயத்தில் எனக்குப் பயம் இந்தத் தொட்டி மேலதான். பில்டரில் பிடிக்கிற தீயை நீங்க பாக்கலாம், அடுப்பை அணைச்சா அதுக்குச் சூடு நின்னுடும். பைப்புக்குள்ள பிடிச்சா கண்ணுக்குத் தெரியாது, மோட்டார் ஓடிக்கிட்டே இருந்தா அது தீயை உள்ளே இழுத்துக் காற்றும் கொடுக்கும்.

வேலையைப் பைப்பில் இருந்து தொடங்குங்க. ஏன்னா மேலே கைவச்சா எண்ணெய் கீழே வரும், கீழே முதல்ல துடைச்சா இரட்டை வேலை. அடுப்பைத் தனியாத் தூக்கி வச்சுட்டு, மேடை முழுக்க செய்தித்தாள் நாலு மடிப்பா விரிங்க. வளையத்தில் கட்டியிருக்கிற க்ளிப்பையோ ஒட்டுநாடாவையோ எடுத்து, சுருள் பைப்பைத் தொங்குற நடுப்பகுதி கீழே இருக்கிற மாதிரியே, ஒரு முனைக்கு அடியில் பாத்திரம் பிடிச்சு மெதுவா இறக்குங்க. சாய்ச்சீங்கன்னா எண்ணெய் தலையில்தான். அந்தச் சுருளைக் கழுவி மறுபடி மாட்டுறதில் அர்த்தம் இல்லை, மடிப்புக்குள்ள பிரஷ் போகாது, தேய்ச்சா கிழியும். அதைத் தூரப் போட்டுட்டு அதே விட்டத்தில் புதுசு வாங்குங்க. உங்க மாதிரி சிம்னிக்கு ஆறு அங்குலம் இருக்கும், வளையத்தை அளந்துட்டுப் போங்க. தேவையான நீளத்துக்கு மட்டும் வெட்டி, இழுத்து விறைப்பா மாட்டணும். மிச்ச நீளத்தைச் சுருட்டி உள்ளே திணிக்கிறதுதான் தொய்வுக்குக் காரணம்.

அடுத்தது ப்ளோயர். தண்ணி தெளிக்கக் கூடாது. ஒரு கிண்ணம் சுடுதண்ணியில் பாத்திர திரவம் ஒரு ஸ்பூன் விட்டு, துணியை நனைச்சு நல்லாப் பிழிஞ்சு, ஒரு கையால் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாச் சுத்திக்கிட்டு ஒவ்வொரு இறக்கையாத் துடைங்க. இடுக்குக்குப் பழைய பல் பிரஷ். சக்கரத்தில் சின்னதா இரும்புக் க்ளிப் ஒண்ணோ இரண்டோ கவ்வியிருந்தா எடுத்துடாதீங்க, அது சமன் செய்யறதுக்கு வச்சது. அது போச்சுன்னா சிம்னி அதிரும். சக்கரத்தைக் கழற்றித்தான் துடைப்பேன்னா, சில மாடல்களில் நடு நட்டு எதிர்த்திசையில் கழலும்னு ஞாபகம் வச்சுக்கோங்க, பலமாத் திருகி உடைச்சுடாதீங்க. பல்பு ஹோல்டர், ஒயர் சேருற இடம் எல்லாம் காய்ஞ்ச துணியால் மட்டும்.

கடைசியா பில்டர். ஸ்டீல் பேஃபிளுக்கு அகலமான பிளாஸ்டிக் டப்பில் கொதிக்கிற தண்ணி 5 லிட்டரும் குழாய்த்தண்ணி 5 லிட்டரும் கலந்தா 60 டிகிரிக்குப் பக்கத்தில் நிக்கும். அதில் வாஷிங் சோடா அஞ்சு மேசைக்கரண்டி, பாத்திர திரவம் இரண்டு கரண்டி. அரைமணி நேரம் ஊறினா தேங்காய் எண்ணெய் தானா விடும். தகட்டு மடிப்பு வாக்கில் பிரஷ் ஓட்டணும், குறுக்கே தேய்ச்சா உள்மடிப்புக்குப் போகாது. வடிகால் ஓட்டை ஒவ்வொண்ணிலும் பல்குத்தியை விட்டுப் பாருங்க, அடைச்சிருந்தா மறுபடி அதே கதை. வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவச்சு, சொட்டுத் தண்ணி இல்லைன்னு உதறிப் பாத்த பிறகு, ஓட்டை கீழே வர்ற மாதிரி மாட்டுங்க. ஈரத்தோட மாட்டி, அந்தத் தண்ணி கொதிக்கிற எண்ணெயில் விழுந்தா அது வேற தீ.

---

வேதியியல் டீச்சர் · திங்கள், காலை 10:02

கடலோரம் இருக்கிறவங்க ஒரு விஷயம் சேர்த்துக்கோங்க. உப்புக்கரிக்கிற கிணத்துத் தண்ணியில் ஊறவைக்கலாம், ஆனா கடைசி அலசல் நல்ல தண்ணியில் இருக்கணும். உப்பு படிஞ்சு காய்ஞ்சா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் புள்ளிப் புள்ளியாக் குழி விழும், அந்தக் குழியில் எண்ணெய் நின்னு அடுத்த கழுவலுக்கு விடாது. அதே காரணத்துக்காக குளோரின் ப்ளீச்சும் வேண்டாம். வாஷிங் சோடாவுக்குக் கையுறை கட்டாயம், தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்குற அதே காரம் கையில் இருக்கிற எண்ணெயையும் உரிக்கும்.

---

குளச்சல் காத்து · திங்கள், பகல் 12:30

எங்களுக்குச் சிம்னி இல்லை, சுவரில் ஒன்பது அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன்தான், அடுப்புக்கு நேர் மேலே இரண்டடி உயரத்தில். பின்னால் தானாத் திறக்கிற ஷட்டர் தகடு. அதில் எண்ணெய்யும் உப்பும் சேர்ந்து தகடுகள் ஒட்டிக்கிட்டுச் சரியாத் திறக்கிறதில்லை. ஃபேன் ஊளைவிடுது, மெதுவாக் கிளம்புது. மேல சொன்னதெல்லாம் இதுக்கும் பொருந்துமா?

---

மார்த்தாண்டம் சர்வீஸ் · திங்கள், பகல் 1:10

பாதி பொருந்தும். எக்ஸாஸ்ட் ஃபேனில் பில்டர் கிடையாது, புகை நேரா மோட்டார் மேலேயே போகுது. மோட்டாரைச் சுத்தி எண்ணெயும் பஞ்சுத் தூசும் கம்பளி மாதிரி போர்த்திக்கும். ஷட்டர் திறக்காதப்போ காற்று போகாது, மோட்டாருக்குக் குளிர்ச்சி இல்லை, இறக்கையில் எண்ணெய்க் கனம் வேற. சூடாகிற மோட்டார் மேலே எண்ணெய் நனைஞ்ச பஞ்சு. இந்த ஃபேன்களில் தீ அடுப்பில் இருந்துதான் வரணும்னு இல்லை, மோட்டாரே பத்தவைக்கும்.

மின்சாரத்தை எம்.சி.பி.யில் நிறுத்திட்டு முன் வலையைக் கழற்றுங்க. இறக்கை அச்சில் ஒரு சின்னத் திருகோ நட்டோ பிடிச்சிருக்கும், அதைத் தளர்த்தி இறக்கையை வெளியே எடுங்க. உலோக இறக்கையும் வலையும் வாஷிங் சோடாத் தண்ணியில் போகலாம், அலுமினியமா இருந்தா டீச்சர் சொன்னபடி வெறும் திரவம். பிளாஸ்டிக் இறக்கைக்குக் கொதித்த தண்ணி வேண்டாம், நெளிஞ்சா அப்புறம் அதிர்வுதான். மோட்டார் உடம்பைக் காய்ஞ்ச பிரஷால் தூசு தட்டி, பிறகு பிழிஞ்ச துணியால் துடைங்க. காற்றுத் துளைகளுக்குள்ள எதையும் தெளிக்காதீங்க. ஷட்டரை வெளிப்பக்கத்தில் இருந்து கழுவி, ஒவ்வொரு தகடும் ஒரு விரலால் தட்டினா எழும்பித் தானா விழுதான்னு பாருங்க. அதில் கிரீஸோ எண்ணெயோ போடாதீங்க, உப்புத் தூசை அதுவே பிடிச்சுவைக்கும்.

எல்லாம் சுத்தம் செய்து, கையால் சுத்தினா இறக்கை தடையில்லாம ஓடுது, ஆனா சுவிட்ச் போட்டா இன்னும் மெதுவாத்தான் கிளம்புதுன்னா கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. கையால் சுத்தும்போதே இறுக்கமா இருந்தா புஷ் போயிடுச்சு, அந்த மோட்டாரை இனி ஓட்டவேண்டாம்.

இன்னொண்ணு, அடுப்புக்கு நேர் மேலே இரண்டடியில்னு சொன்னீங்க. ஃபேனை மேலேயோ பக்கவாட்டிலோ மாத்த முடியும்னா மாத்திடுங்க. அந்த உயரத்தில் தாளிக்கிற தீ எட்டும்.

---

ஆட்டோக்ளீன்_நாகர்கோவில் · திங்கள், மாலை 5:40

எங்க சிம்னி பில்டர் இல்லாத ஆட்டோ க்ளீன் மாடல். வாங்கும்போது கழுவவே வேண்டாம்னு சொன்னாங்க. ஒன்றரை வருஷமா பட்டன் மட்டும் அழுத்துறோம். எங்களுக்கு இந்தத் தொல்லை வராதுதானே?

---

மார்த்தாண்டம் சர்வீஸ் · திங்கள், மாலை 6:25

வரும். அந்தப் பட்டன் அழுத்தினா உள்ளே ஒரு ஹீட்டர் ப்ளோயர் டப்பாவைச் சூடாக்கும், எண்ணெய் இளகி அடியில் இருக்கிற கிண்ணத்துக்கு இறங்கும். தேங்காய் எண்ணெய்க்கு அது நல்லாவே வேலை செய்யும். சூரியகாந்தியோட இறுகின வார்னிஷ் படிவை அது முழுசா இளக்காது. பில்டர் உள்ள மாடலோ இல்லாத மாடலோ, கிண்ணத்தைக் கொட்டுறது உங்க வேலை, பைப்பைப் பாக்குறதும் உங்க வேலை. ஒன்றரை வருஷத்தில் கிண்ணத்தை எத்தனை தடவை கொட்டினீங்க? நிறைஞ்ச கிண்ணத்தோட ஹீட்டரைப் போட்டா எண்ணெய் வழியும். அந்த நேரம் அடியில் அடுப்பு எரியவே கூடாது.

---

ஆட்டோக்ளீன்_நாகர்கோவில் · திங்கள், மாலை 6:40

இப்பத்தான் கிண்ணத்தைக் கழற்றினேன். விளிம்பு வரைக்கும் இருந்துது.

---

பறக்கை_அடுக்களை · திங்கள், இரவு 7:30

எங்களுடையது வெளியே பைப் இல்லாத, காற்றை மறுபடி அடுக்களைக்கே விடுற வகை. உள்ளே கறுப்பு பஞ்சு மாதிரி கரி பில்டர் ஒண்ணு இருக்கு. அதையும் சோடாத் தண்ணியில் போடலாமா?

---

வேதியியல் டீச்சர் · திங்கள், இரவு 7:48

வேண்டாம். அது வாசனையைப் பிடிக்கிற கரி, கழுவினா நுண்துளைகள் திறக்காது, ஈரம்தான் தங்கும். எண்ணெய் குடிச்ச கரி நல்ல எரிபொருளும்கூட. தொட்டா பிசுபிசுன்னு இருந்தாலே மாத்தவேண்டிய நேரம் வந்தாச்சு. மூணு மாசத்தில் இருந்து ஆறு மாசம் வரைதான் அதுக்கு ஆயுள், தினம் பொரிக்கிற வீட்டில் அதிலும் குறையும்.

---

குழித்துறை_மேலத்தெரு · திங்கள், இரவு 8:15

சரி, காஸ்டிக் விஷயத்தை ஒத்துக்கிறேன். இன்னொரு கேள்வி. சட்டியில் தீ பிடிச்சா சிம்னியை முழு வேகத்தில் வைக்கணும், புகையை இழுத்துடும்னு கேள்விப்பட்டிருக்கேன். பேஃபிள் தகடு தீயை மேலே போகவிடாது, அதனால பயமில்லைன்னும் சொல்றாங்க.

---

மார்த்தாண்டம் சர்வீஸ் · திங்கள், இரவு 8:50

முழு வேகத்தில் வச்சா புகையோட தீயையும் இழுக்கும். எனக்குத் தெரிஞ்சவரை வீட்டுச் சிம்னியை அந்த நேரம் நிறுத்தணும். ஆனா தீக்கு மேலே கையை நீட்டிப் பட்டனை அழுத்தப் போகாதீங்க, எம்.சி.பி.யை இறக்குங்க. அதுக்கு முதல்ல அடுப்பு நாபை மூடணும், நாபைத் தொடமுடியலைன்னா சிலிண்டர் ரெகுலேட்டரை மூடணும். பிறகு சட்டியைவிடப் பெரிய மூடியோ தாம்பாளமோ எடுத்துப் பக்கவாட்டில் இருந்து தள்ளி மூடணும். மூடினதைக் குறைஞ்சது இருபது நிமிஷம் திறக்கக் கூடாது, எண்ணெய் சூடா இருக்கும்போது காற்றுப் பட்டா மறுபடி பிடிக்கும். தீ சிம்னிக்குள்ள ஏறிடுச்சுன்னா அணைக்க நிக்காதீங்க, எல்லாரும் வெளியே வந்து 101 அல்லது 112.

பேஃபிள் தீயைத் தடுக்கும்கிறது ஹோட்டல் அடுக்களைக்குச் செய்யுற கனமான பில்டரை வச்சுச் சொல்றது. அமெரிக்காவின் வணிக அடுக்களை விதி என்.எஃப்.பி.ஏ. 96 மெஷ் பில்டரைத் தனியாப் பயன்படுத்த விடுறதில்லை, பேஃபிள் மாதிரி எண்ணெய் வடியுற வகையைத்தான் கேக்குது. வீட்டு மாடலில் தகடும் தகடும் மேலேறிப் படியுற அளவு குறைவு. அதை நம்பித் தீயை மேலே விடமுடியாது.

---

வேதியியல் டீச்சர் · திங்கள், இரவு 9:05

தண்ணி ஊத்தக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், காரணத்தையும் தெரிஞ்சுக்கோங்க. தண்ணி எண்ணெய்க்கு அடியில் போய் உடனே ஆவியாகும், ஒரு லிட்டர் தண்ணி 1,700 லிட்டர் அளவுக்கு ஆவியா விரியும். அது எரியிற எண்ணெயைத் துளித்துளியா மேலே வீசும், மேலே இருக்கிறது எண்ணெய் பிடிச்ச பில்டர். சமையல் எண்ணெய் தானாத் தீப்பிடிக்கிறது ஏறத்தாழ 350 டிகிரியை ஒட்டி. சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் 175 டிகிரி வாக்கிலேயே புகைய ஆரம்பிச்சிடும். அந்தப் புகைதான் பைப்பில் படியுறதும். சட்டியில் நீலப்புகை தெரிஞ்சவுடனே தீயைக் குறைச்சா படிவும் குறையும், தீப்பிடிக்கிற சூட்டுக்கும் இடைவெளி இருக்கும்.

---

தக்கலைக்காரி · புதன், மாலை 4:20

வேலை முடிஞ்சது, எழுதுறேன். சுருள் பைப்பை இறக்கினப்போ தொய்வில் இருந்து அரை டம்ளருக்கு மேலேயே எண்ணெய் வந்தது, அடியில் கறுப்பா வண்டல். புதுப் பைப் மூணு அடிதான் தேவைப்பட்டது, பழசு அஞ்சரை அடி இருந்துது. ப்ளோயர் துடைக்க ஒன்றரை மணி நேரம் ஆச்சு. ஒரு பில்டரில் வடிகால் ஓட்டை ஆறில் நாலு அடைப்பு. சரியாத் திருப்பி மாட்டி, நேத்தும் இன்னைக்கும் சாளை பொரிச்சேன், சொட்டே இல்லை. சிம்னிச் சத்தமும் குறைஞ்சிருக்கு.

உயரத்தையும் அளந்தேன். மேடையில் இருந்து 72 செ.மீ., ஆனா மேடை மேலே வச்ச அடுப்பு 11 செ.மீ. உயரம், அப்போ சட்டி உக்காருற கம்பியில் இருந்து பில்டருக்கு 61தான் வருது.

---

மார்த்தாண்டம் சர்வீஸ் · புதன், மாலை 5:05

கொள்ளாம். 61 குறைவு அக்கா. கேஸ் அடுப்புக்கு 65 முதல் 75 செ.மீ. வரை கேக்குறாங்க, அதை அடுப்போட மேல்மட்டத்தில் இருந்து அளக்கணும். மாட்டினவங்க மேடையில் இருந்து அளந்திருக்காங்க. கொக்கியை ஏழெட்டு செ.மீ. மேலே ஏத்தி, 68க்கு மேல கொண்டுவாங்க. ஏத்தும்போது புதுப் பைப் இன்னும் கொஞ்சம் சுருங்கும், தொய்வு விழாம அதையும் வெட்டிக்கோங்க.

கழுவுற இடைவெளி, உங்க பொரிப்புக்குப் பதினைந்து நாள் சரி. சிப்ஸ் போட்ட மறுநாள் கணக்கில்லாம ஒருதடவை கழுவுங்க. டப்பா அடியிலும் வளையத்திலும் டிஷ்யூ ஒத்திப் பாக்குறதை இரண்டு மாசத்துக்கு ஒருமுறை வச்சுக்கோங்க. பேப்பர் ஊடுருவித் தெரிஞ்சா ப்ளோயரைத் துடைங்க, தெரியலைன்னா விடுங்க. காலண்டர் பாத்து இல்லை, பேப்பர் பாத்து.

---

குளச்சல் காத்து · புதன், மாலை 6:30

அக்கா வெளிப்பைப் பி.வி.சி.ன்னு சொன்னாங்களே, அதை யாரும் பேசலையே. தீ போனா பி.வி.சி. உருகாதா?

---

மார்த்தாண்டம் சர்வீஸ் · புதன், இரவு 7:15

உருகும், நச்சுப்புகையும் விடும். உலோகப் பைப் நல்லது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா தகர ஜி.ஐ. பைப் போட்டா உங்க குளச்சல் பக்கம் உப்புக்காற்றில் தையல் விளிம்பில் துரு பிடிச்சு ஓட்டை விழுது, அந்த ஓட்டையில் இருந்து எண்ணெய் சுவருக்குள்ள இறங்குது. அலுமினியச் சுருளை வெளியே விட்டா காற்றில் கிழியும். ஸ்டெயின்லெஸ் பைப் நிக்கும், ஆனா விலையும் வெல்டிங்கும் எல்லாராலயும் முடியாது. தக்கலை மாதிரி உள்பக்கம் இருக்கிறவங்களுக்கு நான் ஜி.ஐ.யே சொல்வேன்.

---

குளச்சல் காத்து · புதன், இரவு 7:32

துரு பிடிச்ச ஓட்டை வழியா எண்ணெய் சுவருக்குள்ள போறது மட்டும் தீயில்லாத விஷயமா? எனக்கு அது இன்னும் மோசமாத் தோணுது.

---

வேதியியல் டீச்சர் · புதன், இரவு 8:00

சுவருக்குள்ள போற துண்டு மட்டும் ஸ்டெயின்லெஸ், வெளியே நீட்டுற ஒன்றரை அடி மட்டும் பி.வி.சி.ன்னு பிரிச்சா என்ன? தீ அடுக்களைக்குள்ளயோ மரச்சட்டத்துக்கோ வரக்கூடிய இடம் உலோகமா இருக்கும்.

---

மார்த்தாண்டம் சர்வீஸ் · புதன், இரவு 8:20

செய்யலாம். இரண்டும் சேருற இணைப்பில் பி.வி.சி. ஸ்டீலுக்கு உள்ளே மாட்டினா எண்ணெய் ஒழுகும், வெளியே மாட்டினா மழை ஏறும். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, காற்று இரண்டு திசையில் இருந்தும் அடிக்கும். எண்ணெயும் மழையும் ஒழுகாம அந்த இணைப்பை யாராவது போட்டிருந்தா, எப்படின்னு இங்க எழுதுங்க.

---

கொட்டாரத்துக்காரர் · புதன், இரவு 8:45

வெளிமுனையில் குருவி கூடு கட்டாம இருக்க வலை போட்டிருந்தா அதையும் கழற்றிப் பாருங்க. எங்க பக்கத்து வீட்டில் சிம்னி இழுக்கலைன்னு பாத்தா வலை முழுக்க எண்ணெயில் தோய்ஞ்ச வைக்கோல்தான்.

---

தக்கலைக்காரி · புதன், இரவு 9:10

அண்ணாச்சி, இங்கேயும் வலை இருக்கு. நாளைக்கு ஏணி வச்சுப் பாக்குறேன்.